பாரத்தில் உள்ள ‘அகாமா’ கட்டமும் தோட்டத்து முனியாண்டியும்

ஆண்டுத் தொடக்கத்தில் வகுப்பாசிரியர்களுக்கு வரும் வேலை உங்களுக்குத் தெரியும். மாணவர் விவரப் பாரத்தைக் கொடுத்து நிரப்பச் சொல்ல வேண்டும்; திரும்ப வாங்கிச் சரிபார்க்க வேண்டும். பெயர், பிறந்த தேதி, இனம், அதற்குக் கீழே ‘அகாமா’ என்று ஒரு கட்டம். ஒரு வருடம் படிவம் ஒன்று மாணவன் ஒருவன் அந்தக் கட்டத்தை மட்டும் காலியாக விட்டுவிட்டு என்னிடம் வந்தான்.

“டீச்சர், எங்க தாத்தா தோட்டத்துல முனியாண்டிக்குப் பூசாரியா இருந்தாரு. அது வேற, இந்துன்னா பெரிய கோயிலுக்குப் போறவங்கன்னு எங்க அத்தை சொல்றாங்க. நான் என்ன எழுதணும்?”

“இந்துன்னு எழுதுப்பா” என்று சொல்லி அனுப்பிவிட்டேன். சொன்னது தப்பில்லை. ஆனால் அவன் கேட்டது நல்ல கேள்வி, நான் கொடுத்தது சோம்பேறிப் பதில். பல்கலைக்கழகங்களில் சமய ஆய்வு செய்பவர்கள் ஏறக்குறைய அறுபது ஆண்டுகளாக இந்தக் கேள்வியைத்தான் வேறு சொற்களில் கேட்டு வருகிறார்கள். ‘சமயம்’ என்று ஒரு கட்டம் போட்டு, அதற்குள் இந்து, பௌத்தம், கிறிஸ்துவம், இஸ்லாம் என்று சமமான பெட்டிகளாக அடுக்குகிறோமே, இந்த அடுக்கு எங்கிருந்து வந்தது? அதில் அடங்காதவர்களை என்ன செய்தது? நெகிரி செம்பிலான் தோட்டத்து மண்ணில் நின்றே இதைப் பார்க்கலாம் என்பதால் எழுதுகிறேன்.

முதலில் சொற்கள். மொழியாசிரியர்களான நமக்கு அது வசதியான இடம்.

மலாயில் ‘அகாமா’ என்றால் சமயம். அது வடமொழி ‘ஆகமம்’ என்ற சொல்லிலிருந்து போனது. அதே சொல் தமிழில் கோயில் கட்டும் முறை, பூசை முறை ஆகியவற்றைச் சொல்லும் நூல் மரபைக் குறிக்கும். “அது ஆகமக் கோயில்” என்று நாம் சொன்னால், விதிப்படி கட்டி, குருக்கள் வைத்துப் பூசை நடக்கும் கோயில் என்று பொருள். தோட்டத்து முனியாண்டிக்கும் ஆகமத்துக்கும் எந்தச் சம்பந்தமும் இல்லை. அப்படியானால் ஆகமமே இல்லாத ஒரு கும்பிடை ‘அகாமா’ என்ற கட்டத்துக்குள் எழுதச் சொல்கிறோம். என் மாணவனின் அத்தைக்கு இந்தச் சொல்லாராய்ச்சி எதுவும் தெரியாது. ஆனாலும் விரிசல் எங்கே இருக்கிறது என்று அவர் சரியாகத் தொட்டுவிட்டார்.

‘சமயம்’ என்ற நம் சொல்லும் எப்போதும் இன்றைய பொருளில் இருந்ததில்லை. மணிமேகலையில் ‘சமயக்கணக்கர் தம் திறம் கேட்ட காதை’ என்று ஒரு பகுதி உண்டு. வஞ்சி நகரில் மணிமேகலை ஒவ்வொரு சமயவாதியிடமும் போய் அவர்களுடைய கொள்கையைக் கேட்கிறாள். சைவவாதி, வைணவவாதி இருக்கிறார்கள், சரி. கூடவே எதை அறிவு என்று ஏற்கலாம் என்பதைப் பேசும் அளவைவாதி இருக்கிறான். கடவுளும் இல்லை மறுபிறப்பும் இல்லை என்னும் பூதவாதியும் இருக்கிறான். இன்றைக்கு ஒரு பாரத்தில் பூதவாதி ‘சமயம் இல்லை’ என்றுதான் எழுத வேண்டியிருக்கும். சாத்தனார் அவனையும் சமயக்கணக்கர் வரிசையில் தாராளமாக உட்காரவைக்கிறார். ஏனென்றால் அங்கே சமயம் என்பது வாதம் செய்து நிலைநாட்டும் ஒரு கொள்கை. பிறப்பால் வந்து சேரும் அடையாளம் அதில் இல்லை.

‘மதம்’ என்ற சொல்லைப் பாருங்கள். நன்னூல் படித்தவர்களுக்கு ‘எழுவகை மதம்’ நினைவு வரும். பிறர் கருத்தோடு உடன்படுவது, மறுப்பது, முதலில் ஏற்றுக்கொண்டு பிறகு களைவது என்று ஒரு நூலாசிரியர் எடுக்கக்கூடிய ஏழு நிலைகளைப் பவணந்தியார் அப்படிச் சொல்கிறார். பதின்மூன்றாம் நூற்றாண்டில் ‘மதம்’ என்பதற்குக் ‘கருத்து’, ‘கொள்கை’ என்ற பொருள் இருந்தது. தேர்வு எழுதும் மாணவர்கள் இதைக் கவனித்துக்கொள்ளுங்கள். பழைய நூலில் சமயம், மதம் என்று வரும் இடத்தில் எல்லாம் இன்றைய பொருளைத் திணித்தால் விளக்கம் சறுக்கிவிடும்.

என் பாட்டி இதையெல்லாம் படித்தவர் இல்லை. சின்ன வயதில் ஒரு நாள் வீட்டுப்பாடத்துக்காக, “பாட்டி, நம்ம சமயம் என்ன?” என்று கேட்டேன். “எந்தச் சமயம்? சாயங்காலச் சமயமா?” என்று கேட்டார். கேலி செய்கிறார் என்று நினைத்தேன். அவர் கேலி செய்யவில்லை. அவருக்குச் ‘சாமி’ தெரியும், ‘கும்பிடு’ தெரியும், ‘நேர்த்திக்கடன்’ தெரியும், ‘தீட்டு’ தெரியும். இவை அனைத்தையும் ஒரே மூட்டையாகக் கட்டி அதற்கு ஒரு பெயர் வைக்க வேண்டிய அவசியம் அவருக்கு வந்ததே இல்லை.

அந்த மூட்டைக்குள் என்னென்ன இருந்தது என்று சொல்கிறேன். சிரம்பானுக்கும் போர்ட்டிக்சனுக்கும் இடைப்பட்ட ரப்பர் தோட்டம் ஒன்றில்தான் எங்கள் குடும்பம் மூன்று தலைமுறை இருந்தது. லயத்துக்கு அருகில் மாரியம்மன் கோயில். வருடத்துக்கு ஒரு முறை திருவிழா; கரகம், தீமிதி எல்லாம் உண்டு. அன்றைக்குத் தோட்டத்துக்கு லீவு. துரைக்கும் பெரிய கிராணிக்கும் மாலை போடுவார்கள். பால் வெட்டும் காட்டின் ஓரத்தில், பெரிய மரத்தடியில் ஒரு கல், ஒரு சூலம், மேலே நாலு தகரம். அதுதான் முனியாண்டி. விடியற்காலையில் நிரைக்குப் போகிறவர்கள் அங்கே நின்று கும்பிட்டுவிட்டுத்தான் காட்டுக்குள் இறங்குவார்கள். பாம்பும் இருட்டும் உள்ள இடம், காவல் வேண்டுமே. படையல் சுருட்டு, சாராயம், கருவாடு, சேவல். வருடத்தில் ஒரு நாள் கிடா வெட்டு. தோட்டத்துக்கு வெளியே மளிகைக் கடை வைத்திருந்த சீனர் அதே கல்லுக்கு முன்னால் ஊதுபத்தி கொளுத்தி ஆரஞ்சுப் பழம் வைப்பார். அவருக்கு அது அந்த இடத்துக் காவல் சாமி, அவ்வளவுதான். பிள்ளைக்கு உடம்பு சரியில்லை என்றால் பாட்டி நாகூர் ஆண்டவருக்குக் காசு முடிந்து வைப்பார். பக்கத்து வீட்டுக் கத்தோலிக்கக் குடும்பம் மாரியம்மன் திருவிழாவுக்கு வரி கொடுத்தது. இதில் யாரும் ‘சமய நல்லிணக்கம்’ என்று பேசியதாக எனக்கு நினைவில்லை. நல்லிணக்கம் பேசுவதற்கு முதலில் தனித்தனிப் பெட்டிகள் இருக்க வேண்டும்.

பெட்டிகள் வேறு இடத்தில் தயாராகின. ஐரோப்பியர்கள் நெடுங்காலம் உலக மக்களை நாலு வகையாகத்தான் பிரித்தார்கள்: கிறிஸ்துவர், யூதர், முகமதியர், மற்றபடி எல்லாரும் ‘உருவ வழிபாட்டினர்’. பத்தொன்பதாம் நூற்றாண்டில் இந்த நாலாவது மூட்டையைப் பிரிக்கும் வேலை நடந்தது. 1880களில் டச்சு அறிஞர் டீலே பிரிட்டானிக்கா கலைக்களஞ்சியத்தில் எழுதிய கட்டுரையில் ‘இனச் சமயங்கள்’, ‘உலகச் சமயங்கள்’ என்று ஒரு கோடு கிழித்தார். ஒரு நாட்டையும் ஓர் இனத்தையும் தாண்டி யாரையும் சேர்த்துக்கொள்ளக்கூடியவை மூன்றுதான் என்றார்: பௌத்தம், கிறிஸ்துவம், இஸ்லாம். இந்து சமயம் அந்தப் பட்டியலில் இல்லை. பிறகு பட்டியல் நீண்டது. மாக்ஸ் முல்லர் தொகுத்த கிழக்கு நாட்டுப் புனித நூல்கள் வரிசை ஐம்பது தொகுதிகளாக வந்தது. 1893இல் சிக்காகோ மாநாட்டு மேடையில் விவேகானந்தர் நின்று பேசினார். இருபதாம் நூற்றாண்டின் முற்பகுதியில் பத்துப் பன்னிரண்டு பெயர்கள் கொண்ட ‘உலகச் சமயங்கள்’ பட்டியல் பாடநூல்களில் நிலைத்துவிட்டது.

இந்தக் கதையைத் தோமோக்கோ மசுசாவா என்ற ஆய்வாளர் 2005இல் வந்த தம் நூலில் விரிவாக எழுதினார். பட்டியல் நீண்டதைத் தாராள மனம் என்று நாம் நினைக்கிறோம். ஆனால் அளவுகோல் மாறவில்லை என்கிறார் அவர். பட்டியலில் இடம் பிடிக்க ஒரு நிறுவனர், ஒரு புனித நூல், ஒரு கோட்பாடு, அதை நம்புகிற ஒரு கூட்டம் இருக்க வேண்டும். இல்லாவிட்டால் இருப்பது போலவாவது காட்ட வேண்டும். அந்த அச்சு கிறிஸ்துவத்தைப் பார்த்து வார்த்த அச்சு. முனியாண்டிக்கு நிறுவனரும் இல்லை, நூலும் இல்லை. ஆகவே அவர் பட்டியலில் எங்கேயும் வரமாட்டார். அல்லது ‘நாட்டார் வழிபாடு’ என்று இந்து சமயப் பாடத்தின் கடைசிப் பக்கத்தில் நாலு வரியாக வருவார்.

அளவுகோல் மனிதர்கள் மேல் எப்படி வேலை செய்யும் என்பதற்கு ஒரு சம்பவத்தை மட்டும் கொஞ்சம் நிதானமாகப் பார்ப்போம். 1911ஆம் ஆண்டு இந்திய மக்கள்தொகைக் கணக்கெடுப்பு. 1909இல் முஸ்லிம்களுக்குத் தனித் தொகுதி வந்துவிட்டது; ஆகவே எத்தனை பேர் இந்து, எத்தனை பேர் முஸ்லிம் என்ற எண்ணிக்கை சட்டமன்ற இடங்களோடு முடிச்சுப் போட்ட விஷயமாகிவிட்டது. தாழ்த்தப்பட்டவர்களையும் பழங்குடியினரையும் சேர்த்து ‘இந்து’ என்று எண்ணுவது சரியா என்ற கேள்வி கிளம்பியது. கணக்கெடுப்பு ஆணையர் கெயிட் மாகாண அதிகாரிகளுக்கு ஒரு சுற்றறிக்கை அனுப்பினார். யார் முழு இந்து இல்லை என்று பார்க்க அதில் பத்துச் சோதனைகள். பிராமணரின் மேன்மையை மறுக்கிறார்களா? பிராமணரிடமோ அங்கீகாரம் பெற்ற வேறு குருவிடமோ மந்திரம் பெறாதவர்களா? வேதத்தின் அதிகாரத்தை மறுக்கிறார்களா? பெருந்தெய்வங்களைக் கும்பிடாதவர்களா? நல்ல பிராமணர்கள் குடும்பப் புரோகிதராக வராதவர்களா? பிராமணப் புரோகிதரே இல்லாதவர்களா? கோயிலுக்குள் விடப்படாதவர்களா? தொட்டால் தீட்டு என்று ஒதுக்கப்படுகிறவர்களா? இறந்தவர்களைப் புதைக்கிறார்களா? மாட்டிறைச்சி உண்டு, பசுவை வணங்காதவர்களா?

இந்தச் சுற்றறிக்கை மலாயாவுக்கு வந்ததில்லை. ஆனால் இதை எங்கள் தாத்தா காலத்துத் தோட்டத்தின் மேல் வைத்துப் பாருங்கள். வேதம் என்று ஒன்று இருப்பதே அங்கே பலருக்குத் தெரியாது. அதை மறுக்கும் வாய்ப்பும் இல்லை. குருவிடம் மந்திரம் வாங்கியவர் ஒருவரும் இல்லை. பூசாரி பால் வெட்டுக்காரர். பிராமணப் புரோகிதர் தோட்டத்துக்குள் கால் வைத்ததில்லை. மாரியம்மனும் முனியாண்டியும் கெயிட் நினைத்த பெருந்தெய்வங்கள் இல்லை. இறந்தவர்களைத் தோட்டத்துச் சுடுகாட்டில் புதைத்தார்கள், பெயர்தான் சுடுகாடு. மாட்டிறைச்சி சில லயங்களில் உண்டு, சிலவற்றில் இல்லை.

கோயிலுக்குள் விடப்பட்டார்களா என்ற கேள்விக்கு இரண்டு ஆண்டுகளைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்தாலே போதும். தோட்ட வேலைக்கு உதவி கொடுத்து ஆட்களைக் கப்பலேற்றி அனுப்புவதை இந்திய அரசு 1938இல் நிறுத்தியது. மதுரை மீனாட்சியம்மன் கோயிலுக்குள் தாழ்த்தப்பட்ட மக்கள் முதன்முதலாக நுழைந்தது 1939 ஜூலை 8. கங்காணிகள் கூட்டி வந்தவர்களில் கணிசமானவர்கள் அந்த மக்கள். ஆகவே ஊரில் பெரிய கோயிலின் உள்ளே என்ன இருக்கிறது என்றே பார்க்காமல் அவர்கள் இங்கே வந்து சேர்ந்தார்கள். பத்துச் சோதனையில் எங்கள் தோட்டம் எத்தனையில் தேறும்? எண்ணிப் பார்த்தேன். மகிழ்ச்சியாகச் சொல்லும் எண்ணாக வரவில்லை.

இந்தியாவிலும் கெயிட்டுக்குக் கிடைத்த விடை அவருக்கே சங்கடமாக இருந்திருக்கும். மத்திய மாகாணங்களிலும் பெராரிலும் இந்து என்று எண்ணப்பட்டவர்களில் கால் பங்கினர் பிராமண மேன்மையையும் வேத அதிகாரத்தையும் மறுத்தார்கள். பாதிக்கு மேற்பட்டவர்கள் குருவிடம் மந்திரம் பெறாதவர்கள். மூன்றில் ஒரு பங்கினருக்குக் கோயிலுக்குள் இடமில்லை. ஐந்தில் இரண்டு பங்கினர் மாட்டிறைச்சி உண்பவர்கள். இப்படிப்பட்ட விடை வரும்போது இரண்டு முடிவுக்கு வரலாம். இவர்கள் சரியான இந்துக்கள் இல்லை என்று சொல்லலாம். அல்லது, இத்தனை பேரை வெளியே தள்ளும் அளவுகோல்தான் சரியில்லை என்று சொல்லலாம். நிர்வாகம் இரண்டையும் தெளிவாகச் சொல்லவில்லை. ஆட்களை ‘இந்து’ கட்டத்திலேயே வைத்துக்கொண்டது. அளவுகோலையும் கையிலேயே வைத்துக்கொண்டது. அதன் விளைவுதான் நம் தோட்டத்துக்கும் வந்து சேர்ந்தது: நீ இந்துதான், ஆனால் சரியாகச் செய்யாத இந்து.

அதற்குப் பின் நடந்ததை என் வயதுக்காரர்கள் நேரில் பார்த்திருக்கிறோம். எங்கள் முனியாண்டியின் மரத்தடிக்கு முதலில் சிமெண்டுத் தரை வந்தது. பிறகு ஒரு கமிட்டி வந்தது. கமிட்டி என்றால் பதிவு வேண்டும். 1966ஆம் ஆண்டுச் சங்கங்கள் சட்டத்தின் கீழ் பதிவதற்குத் தலைவர், செயலாளர், பொருளாளர், எழுதிய சட்ட விதிகள் வேண்டும். சட்ட விதியில் கோயிலுக்குப் பெயர் எழுதும்போது முனியாண்டி ‘ஸ்ரீ முனீஸ்வரர்’ ஆனார். கும்பாபிஷேகத்துக்குத் தமிழ்நாட்டிலிருந்து குருக்கள் வந்தார். நடுவில் விநாயகர் ஒருவரை வைக்கச் சொன்னார், வைத்தார்கள். கிடா வெட்டு நின்றது, பூசணிக்காய் வந்தது. சுருட்டு கொஞ்ச நாள் ஒளிவு மறைவாக இருந்தது. பழைய கல்லை எடுக்க யாருக்கும் தைரியம் வரவில்லை. மதிலுக்கு வெளியே ஓர் ஓரத்தில் விட்டுவிட்டார்கள். தாத்தா வகைப் பூசாரிகள் மெதுவாகப் பின் வரிசைக்குப் போனார்கள். சீனக் கடைக்காரரின் மகன் இப்போதும் வருகிறார், மதிலுக்கு வெளியே நிற்கிறார். முனீஸ்வரர் வழிபாடு இப்படி மாறுவதைச் சிங்கப்பூரில் வினீதா சின்ஹா ஆராய்ந்து 2005இல் ஒரு நூலே எழுதியிருக்கிறார். அதைப் படித்தபோது எங்கள் தோட்டத்தைப் பற்றி எழுதியது போலவே இருந்தது.

இதைச் செய்தவர்கள் யாரும் கெட்ட எண்ணத்தில் செய்யவில்லை. ‘காட்டுமிராண்டிக் கும்பிடு’ என்ற பேச்சைக் கேட்டுக் கேட்டு, பிள்ளைகள் தலை நிமிர்ந்து நடக்கட்டும் என்று செய்தார்கள். அதைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. ஆனால் மாற்றம் போன திசையைக் கவனியுங்கள்: ஒவ்வோர் அடியும் பாரத்தில் உள்ள கட்டத்தின் வடிவத்தை நோக்கியே போயிருக்கிறது. பாலித் தீவில் இது அரசு அளவிலேயே நடந்தது. இந்தோனேசிய சமய அமைச்சு அங்கேயும் அதே ‘அகாமா’ என்ற சொல்லுக்கு ஒரே கடவுள், புனித நூல் என்று நிபந்தனை வைத்தது. பாலி மக்கள் தங்கள் வழிபாட்டுக்குள் ஒரே பரம்பொருளை முன்னிறுத்தி விளக்கி, 1950களின் கடைசியில்தான் அங்கீகாரம் பெற்றார்கள்.

அறிஞர்கள் இதை எப்படி வாதிடுகிறார்கள் என்று இப்போது பார்த்தால் எளிதாகப் புரியும். 1960களின் தொடக்கத்தில் வில்ஃபிரட் கான்ட்வெல் ஸ்மித் என்ற கனடா அறிஞர், ‘சமயம்’ என்ற பெயர்ச்சொல்லையே விட்டுவிடலாம் என்றார். மனிதனின் பக்தி ஒரு பக்கம், தலைமுறை தலைமுறையாகச் சேர்ந்த மரபு ஒரு பக்கம். இரண்டையும் ஒரே பொருளாக்கிப் பெயர் வைத்ததுதான் குழப்பம் என்பது அவர் வாதம். தலால் அசாத் 1993இல் வந்த நூலில் இன்னும் ஆழமாகப் போனார். சமயம் என்றால் முதன்மையாக ‘நம்பிக்கை’ என்று நினைப்பதே ஐரோப்பாவில் ஒரு குறிப்பிட்ட காலத்தில் உருவான பழக்கம். இடைக்காலக் கிறிஸ்துவ மடங்களில்கூட உடம்பைப் பழக்கும் ஒழுங்குமுறைதான் முக்கியமாக இருந்தது என்று காட்டினார். என் பாட்டியிடம் “முனியாண்டியை நம்புகிறாயா?” என்று கேட்டால் அந்தக் கேள்வியே அவருக்கு விளங்காது. “கும்பிடாம காட்டுக்குள்ள போனியா?” என்றால் விளங்கும்.

ஜொனாதன் ஸ்மித் இன்னொரு கோணம் பிடித்தார். சமயம் என்பது ஆய்வாளர் தம் வேலைக்காக உண்டாக்கிக்கொண்ட கருவி என்றார். அதற்காக அதைத் தூக்கி எறியச் சொல்லவில்லை. மொழியியலாருக்கு ‘மொழி’ என்ற கருத்து எப்படியோ அப்படி இதையும் தெரிந்து பயன்படுத்தலாம் என்றார். எதிர்க் கட்சியும் உண்டு. ‘இந்து சமயத்தைக் கண்டுபிடித்தது யார்?’ என்ற கட்டுரையை டேவிட் லோரென்சன் 1999இல் எழுதினார். ஆங்கிலேயர் வருவதற்கு வெகுகாலம் முன்பே, முஸ்லிம்களோடு ஏற்பட்ட போட்டியிலும் உரையாடலிலும் ‘நாங்கள் இந்துக்கள்’ என்ற உணர்வு தெளிவாக உருவாகிவிட்டது என்று பழைய கவிஞர்களின் சொற்களைக் காட்டி வாதிடுகிறார். தேர்வில் எழுதும்போது ‘சமயம் என்பது ஐரோப்பியர் இட்டுக்கட்டியது’ என்று ஒரே வரியில் முடித்துவிடாதீர்கள். பெயரும் பெட்டியும் புதியவை என்பது ஒரு வாதம். பெட்டிக்குள் போனவை பழையவை என்பது இன்னொன்று. இரண்டும் ஒன்றையொன்று வெட்டவில்லை.

என் கருத்தைக் கேட்டால், நம் மாநிலத்தில் இருப்பவர்களுக்கு இது அவ்வளவு புதிரே இல்லை. நெகிரி செம்பிலானின் அடாட் பெர்ப்பாத்தே வழக்கத்தில் மூதாதையர் நிலம் தாயிடமிருந்து மகளுக்குப் போகும். 1951இல் ரெம்பாவில் இது சமயச் சட்டத்துக்கு முரண், இஸ்லாமிய வாரிசு முறைப்படி மாற்ற வேண்டும் என்ற கோரிக்கை எழுந்தது. பெண்கள் உட்படப் பலர் கடுமையாக எதிர்த்தார்கள்; வழக்கம் நீடித்தது. அந்த மக்கள் முஸ்லிம்கள் என்பதில் யாருக்கும் ஐயமில்லை. வாழ்க்கையில் எது ‘அகாமா’, எது ‘அடாட்’ என்று கோடு போட வேண்டி வந்தபோது சண்டை வந்தது, அதுவும் நிலத்தின் மேல். கோடு எங்கே விழுகிறது என்பதைப் பொறுத்து ஒரு பெண்ணின் கையில் காணி இருக்கும் அல்லது போகும். கூட்டரசு அரசியலமைப்பின் 160ஆவது பிரிவு மலாய்க்காரர் யார் என்று சொல்லும்போது சமயத்தையும் வழக்கத்தையும் தனித்தனியாக எழுதுகிறது. ஆனால் சமயம் என்றால் என்ன என்று அந்த ஆவணம் எங்கேயும் வரையறுக்கவில்லை.

நமக்கும் நிலத்தில்தான் வந்து முடிகிறது. அரசியலமைப்பின் 11ஆவது பிரிவு ஒவ்வொரு சமயக் குழுவுக்கும் தன் சமய விவகாரங்களை நடத்தவும், நிறுவனங்களை அமைக்கவும், சொத்து வைத்திருக்கவும் உரிமை தருகிறது. நம் தோட்டக் கோயில்கள் பெரும்பாலும் கம்பெனி நிலத்தில், துரையின் வாய்ச் சம்மதத்தில் எழுந்தவை. பட்டா கிடையாது. தோட்டம் கைமாறி, ரப்பர் மரம் போய், வீடமைப்புத் திட்டம் வரும்போது யாரோ ஓர் அதிகாரி கோப்போடு வந்து நிற்பார். கமிட்டி உண்டா, பதிவு எண் உண்டா, கோயிலின் பெயர் என்ன என்று கேட்பார். மரத்தடிக் கல்லுக்கு அதில் எதுவும் இல்லை. பதிவு செய்து முனீஸ்வரராக மாறிய முனியாண்டிக்கு மாற்று இடம் கேட்டு வாதாட ஒரு பிடி இருக்கிறது. மாறாத முனியாண்டிக்கு அதுவும் இல்லை. ஆகவே சமயம் என்ற வகையே பொய் என்று நான் வகுப்பில் சொல்ல மாட்டேன். அந்தப் பொய்யான கூரைக்குக் கீழேதான் எங்கள் தோட்டத்துக் கோயில் மழைக்கு ஒதுங்கி நிற்கிறது. கூரைக்குள் நுழையக் கிடாவையும் சுருட்டையும் தாத்தாவையும் வெளியே விட வேண்டியிருந்தது என்பதையும் மறைக்க மாட்டேன்.

அந்த மாணவனை மறு வாரம் கூப்பிட்டுப் பேசினேன். கட்டத்தில் ‘இந்து’ இருக்கட்டும் என்றேன். பாரம் கேட்பது எண்ணிக்கைக்கு. தாத்தாவிடம் போய் நாலு விஷயம் கேட்டு எழுதிக்கொண்டு வரச் சொன்னேன்: யாருக்கு என்ன படைத்தீர்கள், யார் முன்னால் நின்றார்கள், யார் தள்ளி நின்றார்கள், உங்களுக்கு இதைக் கற்றுக் கொடுத்தது யார். ‘என்ன நம்பினீர்கள்’ என்று மட்டும் கேட்காதே என்றேன். இரண்டரைப் பக்கம் எழுதி வந்தான். கடைசிக் கேள்விக்கு, தாத்தா தோட்டத்துக்கு வந்தபோது முனியாண்டிக்கு ஏற்கெனவே பூசை நடந்துகொண்டிருந்ததாகவும், செய்துகொண்டிருந்தவர் காட்டிலிருந்து வந்துபோகும் தெமுவான் கிழவர் ஒருவர் என்றும், அவர் அந்தக் கல்லை வேறு ஒரு பெயரால் அழைத்தார் என்றும் எழுதியிருந்தான். அந்தப் பெயர் தாத்தாவுக்கு மறந்துபோய்விட்டதாம்.